பதினெட்டு லட்சத்துக்கு வாங்கியும் ஸ்லாப் வராதது ஏன்?

பெயிண்ட் கடையில் இருபது லிட்டர் எமல்ஷன் வாளிக்கு விலை கேட்டால், கடைக்காரர் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொல்வார். அந்த ஒரு நொடியில் அவர் மனதில் ஓடும் கணக்கு வாடிக்கையாளருக்குத் தெரியாது. பில் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே இருக்கும் லாபம் மிக மெல்லியது. பக்கத்துக் கடையோடு போட்டி போட்டு அதையும் குறைத்த பிறகு, ‘இந்த குவாட்டர் ஸ்கீமில் எவ்வளவு வரும்?’ என்ற எதிர்பார்ப்பை நம்பித்தான் பல கடைகள் விலை சொல்கின்றன. அந்தப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை. வருமா என்பதும் உறுதியில்லை. ஆனால் அதில் ஒரு பங்கு ஏற்கெனவே வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியாகப் போய்விட்டது.

இந்த எதிர்பார்ப்பு முழுவதும் நிற்பது ஒரு கடிதத்தின் மேல். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிறுவனம் தன் டீலர்களுக்கு அனுப்பும் ஸ்கீம் சர்குலர் அது. எவ்வளவு வாங்க வேண்டும், எட்டினால் எத்தனை சதவீதம், பணம் எப்போது வரும், எந்தச் சரக்கெல்லாம் கணக்கில் சேரும் என்பவை அதில் இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் சதவீத அட்டவணை, பின்னால் ஒன்றிரண்டு பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள், அதோடு சரக்குப் பட்டியல் ஓர் இணைப்பு. டீலர்கள் முதல் பக்கத்தைப் படிக்கிறார்கள். பணம் வருவதும் வராததும் பின்பக்கங்களில் முடிவாகிறது.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு நடுத்தரக் கடையை எடுத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொள்ளும் எண்கள்தான் இவை. ஆனால் நிபந்தனைகள் எல்லாம் இந்தத் தொழிலில் அன்றாடம் புழங்குபவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான ஸ்கீம். 12 லட்சம் ரூபாய்க்கு வாங்கினால் 2 சதவீதம். 15 லட்சத்துக்கு வாங்கினால் 3.5 சதவீதம். 18 லட்சத்தைத் தொட்டால் 5 சதவீதம்.

டிசம்பர் 24-ஆம் தேதி கடைக்காரர் தன் லெட்ஜரைப் பார்க்கிறார். அந்த நிறுவனத்திடம் இந்த மூன்று மாதத்தில் வந்த பில்களின் மொத்தம் 18,40,800 ரூபாய். மேல் ஸ்லாபையே தாண்டியாயிற்று. 5 சதவீதம் நிச்சயம் என்று மனக்கணக்குப் போடுகிறார். அன்று சாயங்காலம் சேல்ஸ் ஆபீசர் வருகிறார். “அண்ணாச்சி, நீங்க 13.6 லட்சத்துல நிக்கிறீங்க. இன்னும் கொஞ்சம் போட்டாத்தான் பதினஞ்சே வரும்” என்கிறார்.

இருவரும் பொய் சொல்லவில்லை. பில் தொகையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. கலந்திருக்கிறது. ஸ்கீம் கணக்கு வரிக்கு முந்தைய மதிப்பில்தான் ஓடும். வரியைக் கழித்தால் 15.6 லட்சம். அதில் 1.2 லட்சம் ரூபாய்க்குச் சுவர் புட்டி. அது டார்கெட் பட்டியலிலேயே இல்லை. டின்டிங் மெஷினுக்கான கலரன்ட், பிரஷ், ரோலர், பழைய சரக்கைக் கழிவு விலையில் எடுத்தது எல்லாம் சேர்ந்து இன்னொரு 80 ஆயிரம். அவையும் சேராது. மிச்சம் 13.6 லட்சம். கடைக்காரர் 5 சதவீத ஸ்லாபில் இருப்பதாக நினைத்தார். நிறுவனத்தின் கணக்கில் அவர் இன்னும் 2 சதவீதத்தில்தான் இருக்கிறார்.

தொழில் தெரிந்தவர்கள் சர்குலரைப் பட்டியலில் இருந்து படிக்கத் தொடங்குவது இதனால்தான். ‘தகுதியுள்ள பொருட்கள்’ என்று ஒரே தலைப்பில் இருந்தாலும், உண்மையில் அங்கே இரண்டு பட்டியல்கள் ஒளிந்திருக்கலாம். ஒன்று, டார்கெட்டை எட்டுவதற்குக் கணக்கில் சேரும் சரக்கு. இன்னொன்று, டார்கெட் எட்டிய பிறகு சதவீதம் போட்டுப் பணம் தரப்படும் சரக்கு. விலை குறைந்த டிஸ்டெம்பர் டார்கெட்டுக்குச் சேரும். ஆனால் பணம் தரும்போது அதை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் சதவீதம் போடுவார்கள். விலை கூடிய எமல்ஷனுக்கு இதற்கு நேர்மாறான சலுகை இருக்கும். ஒரு ரூபாய்க்கு வாங்கினால் ஒன்றரை ரூபாயாக எண்ணிக்கொள்வார்கள். ‘மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவது பிரீமியம் சரக்காக இருக்க வேண்டும்’ என்றும் ஒரு வரி வரும். அந்த வரி தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பணம் இல்லை.

நிறுவனத்துக்கு இதில் ஒரு நியாயம் இருக்கிறது. புட்டியில் அதற்குக் கிடைக்கும் லாபம் குறைவு. கனம் அதிகம் என்பதால் வண்டிக்கூலியும் கூடுதல். புட்டி மூட்டைகளை வாங்கி அடுக்கியே ஒருவர் ஸ்லாபை எட்டிவிட்டால், தரும் சதவீதம் நிறுவனத்துக்கு நஷ்டமாகிவிடும். எந்தச் சரக்கை விற்கச் சொல்கிறார்களோ அதைத்தான் பட்டியலில் எழுதுகிறார்கள். அதை மறைக்காமல், சேராத சரக்கின் பெயரையும் சேரும் சரக்குக்குப் பக்கத்திலேயே அச்சடித்தால் போதும். பாதிச் சண்டை வராது.

இன்னொரு பாதிச் சண்டை பெயரில் இருந்து வருகிறது. ஒரு எமல்ஷனை நிறுவனம் நடுவில் புதுப்பிக்கும். அதே வாளி, முன்னால் ஒரு புதுச் சொல், புதுக் கோடு. செப்டம்பரில் தயாரித்த பட்டியலில் பழைய கோடு இருக்கும். நவம்பரில் வரும் பில்லில் புதிய கோடு இருக்கும். கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டருக்குப் பெயர் தெரியாது, கோடுதான் தெரியும். ஆகவே அந்த வாளிகள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மாதம் ஒரு முறை பில்லில் உள்ள கோடுகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. மூன்று மாதம் முடிந்த பிறகு கண்டுபிடித்தால் சேல்ஸ் ஆபீசர் கையை விரிப்பார். நவம்பரிலேயே மின்னஞ்சல் போட்டிருந்தால் திருத்திக் கொடுப்பார்கள்.

அடுத்தது டார்கெட். அது எங்கிருந்து வருகிறது என்பதே முதல் கேள்வி. பெரும்பாலும் போன ஆண்டு இதே மூன்று மாதத்தில் டீலர் வாங்கியதை அடிப்படையாக வைத்து, அதன்மேல் பத்தோ இருபதோ சதவீதம் வளர்ச்சி ஏற்றுவார்கள். இதன் பலன் விசித்திரமானது. போன ஆண்டு உயிரைக் கொடுத்து விற்றவருக்கு இந்த ஆண்டு மலை உயரமாகிவிடும். போன ஆண்டு சும்மா இருந்தவருக்கு டார்கெட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பக்கத்துத் தெருவில் இருக்கும் இரண்டு கடைகள் ஒரே அளவுக்கு விற்று, ஒருவருக்கு மட்டும் பணம் வருவது இப்படித்தான்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. அகில இந்திய அளவில் அக்டோபர் தொடங்கும் குவாட்டர் தீபாவளியை நம்பிப் போடப்படுகிறது. வடக்கே தீபாவளிக்கு முன்னால்தான் வீட்டுக்குச் சுண்ணாம்போ பெயிண்டோ அடிப்பார்கள். அங்கே அது மழை ஓய்ந்த காலம். இங்கே அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. நவம்பர் முழுக்க வெளிச்சுவர் ஈரம் காயாது. ஈரச் சுவரில் எக்ஸ்டீரியர் அடித்தால் கொப்புளம் கிளம்பும் என்பது எந்தப் பெயின்டருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது பொங்கலுக்கு. விற்பனை சூடு பிடிப்பது டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி இரண்டாம் வாரம் வரை. அதாவது ஒரே சீசன் இரண்டு குவாட்டராக உடைந்து கிடக்கிறது. டிசம்பர் 31 என்ற கோடு சீசனின் நட்டநடுவில் விழுகிறது. மும்பையில் உட்கார்ந்து தேதி போடுபவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் ஒரு மாநிலத்துக்காகக் காலண்டரை மாற்றுவது அபூர்வம். சில நிறுவனங்கள் மழைக் காலத்து டார்கெட்டைத் தெற்கே மட்டும் குறைத்துப் போடுகின்றன. அதுதான் சரியான வழி.

டார்கெட் அட்டவணைக்குக் கீழே ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். சதவீதம் முதல் ரூபாயிலிருந்து கணக்கா, அல்லது ஸ்லாபைத் தாண்டிய தொகைக்கு மட்டுமா? நம் கடைக்காரர் 18 லட்சத்தைத் தொட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ரூபாயிலிருந்து 5 சதவீதம் என்றால் 90,000 ரூபாய். படிப்படியாக என்றால், முதல் 15 லட்சத்துக்கு 2 சதவீதம் 30,000, அதற்கு மேல் உள்ள 3 லட்சத்துக்கு 3.5 சதவீதம் 10,500, ஆக 40,500 ரூபாய்தான். அட்டவணை ஒன்றே. ஒரு வாக்கியம் பாதிப் பணத்தை விழுங்கிவிடுகிறது. நம் கதையில் முதல் ரூபாயிலிருந்து என்றே இருக்கட்டும். டீலர்கள் விரும்புவதும் அதைத்தான். கடைசி வாரத்து வேடிக்கை எல்லாம் நடப்பதும் அதனால்தான்.

டிசம்பர் 24-க்குத் திரும்புவோம். கடைக்காரர் 13.6 லட்சத்தில் நிற்கிறார். இப்படியே விட்டால் 2 சதவீதம், அதாவது 27,200 ரூபாய். இன்னும் 1.4 லட்சத்துக்கு வாங்கி 15 லட்சத்தை எட்டினால் 3.5 சதவீதம், 52,500 ரூபாய். 1.4 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 25,300 ரூபாய் கூடுதலாக வருகிறது. வரியோடு சேர்த்து 1,65,200 ரூபாய் முடங்கும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், இரண்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தீரும் என்றால் வட்டிச் செலவு சுமார் 1,650 ரூபாய். இப்போதே வாங்கிவிட்டதால் அடுத்த குவாட்டரில் 1.4 லட்சம் குறைவாக வாங்குவார். அதற்கு அங்கே போகும் 2 சதவீதம் 2,800 ரூபாய். எல்லாம் போக 20 ஆயிரத்துக்கு மேல் மிஞ்சுகிறது. பொங்கல் வரப்போகிறது, சரக்கும் நகரும். வாங்கலாம்.

சேல்ஸ் ஆபீசர் அதோடு விடுவதில்லை. “இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. இன்னும் மூணு லட்சம்தான் அண்ணாச்சி, அஞ்சு பர்சென்ட்டுக்குப் போயிரலாம்” என்கிறார். 52,500 ரூபாய் 90,000 ஆகும். 3 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 37,500 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த 3 லட்சம் ரூபாய்ச் சரக்கு விற்க நான்கு மாதம் ஆகும். வரியோடு 3,54,000 ரூபாய் முடங்கி மெல்ல மெல்லத் திரும்பி வரும். வட்டி சுமார் 7,080 ரூபாய். பெரிய அடி வேறு இடத்தில் விழுகிறது. இவருடைய கடைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை வழக்கமாக வேண்டியது 13.5 லட்சம் ரூபாய்ச் சரக்கு. அந்தக் குவாட்டரின் முதல் ஸ்லாப் 11 லட்சம், 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1.4 லட்சத்தை முன்கூட்டி வாங்கியிருந்தால் 12.1 லட்சம் வாங்குவார். ஸ்லாப் தப்பாது, 24,200 ரூபாய் வரும். 4.4 லட்சத்தை முன்கூட்டி வாங்கியிருந்தால் அவருக்குத் தேவைப்படுவது 9.1 லட்சம்தான். ஸ்லாப் போயிற்று. 24,200 ரூபாய் சுழியமாகிறது. 37,500-இல் வட்டியும் இதுவும் போனால் மிச்சம் 6,220 ரூபாய். குவிந்த சரக்கை நகர்த்த ஒரு பெயின்டிங் கான்ட்ராக்டருக்கு 3 சதவீதம் விட்டுக்கொடுத்தால் அது 9,000 ரூபாய். கணக்கு மைனஸில் போய் நிற்கிறது. இதுபோக, 18 லட்சம் என்பது அடுத்த ஆண்டு டிசம்பர் குவாட்டரின் அடிப்படையாகப் பதிவாகிவிடும். அதன்மேல் வளர்ச்சி கேட்பார்கள்.

முதல் 1.4 லட்சம் லாபம், அடுத்த 3 லட்சம் நஷ்டம். ஒரே நாளில், ஒரே ஸ்கீமில். ஸ்கீமை ‘நல்ல ஸ்கீம்’, ‘மோசமான ஸ்கீம்’ என்று மொத்தமாகச் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த படிக்கு எவ்வளவு, அந்தச் சரக்கு எத்தனை மாதத்தில் போகும், அடுத்த குவாட்டரில் என்ன இழப்போம் ஆகிய நான்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சேல்ஸ் ஆபீசரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் மேலே ஒரு டார்கெட் இருக்கிறது. அதுவும் டிசம்பர் 31-க்குத்தான் முடிகிறது. கடைக்குள் சரக்கு இறங்கியதும் நிறுவனத்தின் புத்தகத்தில் அது விற்பனையாகிவிடும். வீட்டுச் சுவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அந்தப் புத்தகத்தில் தெரியாது. இந்த இடைவெளி பெரிய நிறுவனங்களையே கவிழ்த்திருக்கிறது. அமெரிக்க மருந்து நிறுவனமான பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப், மொத்த வியாபாரிகளுக்குச் சலுகைகள் கொடுத்து குவாட்டர் கடைசிகளில் தேவைக்கு மேல் மருந்தை ஏற்றிவிட்டு அதை விற்பனையாகக் காட்டியது என்று அந்நாட்டுப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் வழக்குத் தொடர்ந்தது. 2004-இல் 15 கோடி டாலர் கட்டி அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. மருந்தானால் என்ன, பெயிண்டானால் என்ன, கிடங்கில் குவிந்த சரக்கு அடுத்த குவாட்டரின் விற்பனையைத்தான் தின்கிறது.

சரி, ஸ்லாப் வந்துவிட்டது. பணம் எப்போது?

நம் கடைக்காரரின் சர்குலரில் இப்படி இருக்கிறது: ஜனவரி 15-க்குள் நிறுவனம் கணக்கு அனுப்பும். தவறு இருந்தால் 25-ஆம் தேதிக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். பிப்ரவரி 15-க்குள் கிரெடிட் நோட் வரும். கிரெடிட் நோட் என்பது ரொக்கம் அல்ல. நிறுவனத்துக்குக் கடைக்காரர் தர வேண்டிய பாக்கியில் அவ்வளவு குறையும், அவ்வளவுதான். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுத்த தள்ளுபடி, நான்கு மாதம் கழித்து லெட்ஜரில் ஒரு வரியாகத் திரும்பி வருகிறது. அதுவரை அது கடைக்காரரின் கைக்காசு.

அந்த வரியும் வராமல் போகச் சில வாசல்கள் உண்டு. டிசம்பர் குவாட்டரின் எல்லா பில்லுக்கும் ஜனவரி 31-க்குள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்பது அதிகமாகக் காணப்படும் நிபந்தனை. ஒரே ஒரு செக் திரும்பினால் மொத்தமும் போகும் என்று எழுதும் நிறுவனங்கள் இருக்கின்றன. இது அதிகப்படியான தண்டனை. தாமதமான பில்லை மட்டும் கழித்தால் போதாதா? அடுத்து, பில் தேதி. 30-ஆம் தேதி ஆர்டர் கொடுத்தாயிற்று, டிப்போவில் சரக்கு இல்லை, பில் ஜனவரி 2-ஆம் தேதி விழுகிறது. ஆர்டர் தேதி எண்ணப்படுமா, பில் தேதியா? பெரும்பாலும் பில் தேதிதான். சரக்கு இல்லாதது டீலரின் பிழையில்லை என்று வாதாட, ஆர்டர் போட்டதற்கான எழுத்து ஆதாரம் கையில் இருக்க வேண்டும். போனில் சொன்னது சபையேறாது.

அறிவிப்பு வந்த தேதிக்கு வரிச் சட்டத்திலும் ஒரு எடை உண்டு. சரக்கு விற்ற பிறகு கொடுக்கும் தள்ளுபடிக்கு நிறுவனம் ஜி.எஸ்.டி.யைக் குறைத்துக்கொள்ள வேண்டுமானால், அந்தத் தள்ளுபடி விற்பனைக்கு முன்போ விற்கும்போதோ ஒப்புக்கொள்ளப்பட்டதாக இருக்க வேண்டும், குறிப்பிட்ட பில்களோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே சட்டத்தின் 15-ஆம் பிரிவில் எழுதப்பட்டது. அக்டோபர் ஸ்கீமை நவம்பரில் அறிவித்தால், அக்டோபர் பில்களுக்கு அந்த நிபந்தனை நிறைவேறாது. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய 56-ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில் இந்த முன் ஒப்பந்த நிபந்தனையை எடுத்துவிடப் பரிந்துரைத்தது. நடைமுறையில் பல நிறுவனங்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று வரியைத் தொடாமல், தொகைக்கு மட்டும் வணிகக் கிரெடிட் நோட் போடுகின்றன. அப்படி வந்தால் டீலர் தான் முன்பு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று நெடுநாள் குழப்பம் இருந்தது. வேண்டியதில்லை என்று 2025 செப்டம்பர் 12-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையில் மத்திய மறைமுக வரி வாரியம் தெளிவுபடுத்தியது. ஆகவே கிரெடிட் நோட் வந்ததும் அதில் ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா, இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் கணக்கு வேறு வேறு.

பணமாக இல்லாமல் பொருளாக வந்தால் வருமான வரி வேறு வழியில் வரும். 2022 ஜூலை 1 முதல், தொழில் தொடர்பாக ஒருவருக்குக் கிடைக்கும் பலன் ஓர் ஆண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 10 சதவீத வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்று 194ஆர் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. விலையில் தரும் தள்ளுபடிக்கு இது பொருந்தாது என்று நேரடி வரி வாரியம் அப்போதே விளக்கிவிட்டது. தங்கக் காசு, டி.வி., கார், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் பொருந்தும். டீலர் மாநாடுகூட, புதுச் சரக்கைப் பற்றி விளக்கவும் பேசவும் நடத்தினால் பலன் ஆகாது. டார்கெட்டை எட்டியவர்களை மட்டும் அழைத்துப் போனால் பலனாகிவிடும். ‘பாங்காக் டிரிப்’ என்று மட்டும் சர்குலரில் இருந்தால், அதன் மதிப்பு எவ்வளவு, வரியை யார் கட்டுவது, போக முடியாதவருக்கு அதே மதிப்பில் கிரெடிட் நோட் கிடைக்குமா என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

இந்தச் சலுகைகள் போட்டிச் சட்டத்தின் வாசலுக்கும் போயிருக்கின்றன. மாருதி சுசுகி தன் டீலர்கள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடிக்கு உச்சவரம்பு விதித்து, மீறியவர்களுக்கு அபராதம் போட்டது என்று கண்டறிந்து, இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் அதற்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பெயிண்ட் தொழிலிலேயே, ஏசியன் பெயிண்ட்ஸ் தன்னோடு மட்டும் வியாபாரம் செய்ய டீலர்களைத் தள்ளுபடிகளாலும் வெளிநாட்டுப் பயணங்களாலும் கட்டிப்போடுகிறது என்று கிராசிம் நிறுவனம் புகார் கொடுத்ததன் பேரில், 2025 ஜூலையில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. விசாரணைக்கு உத்தரவிடுவது குற்றம் நிரூபணமானதாக ஆகாது. ஆனால் ஒரு சர்குலரில் ‘வேறு பிராண்டு வைத்திருந்தால் ஸ்கீம் இல்லை’ என்ற பொருளில் ஏதாவது இருந்தால், அது சாதாரண வியாபார நிபந்தனை மட்டும் இல்லை என்பதை டீலர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கணக்கில் தவறு வந்தால் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். ‘கம்பெனியைப் பகைத்துக்கொண்டால் சரக்கு லேட்டாக வரும்’ என்ற பயம். கேட்பது உபகாரம் அல்ல. பெரிய நிறுவனங்கள் பின்பற்ற வேண்டிய கணக்குப் பதிவு விதிகளின்படி, டீலர்களுக்குத் தரவேண்டி வரும் இந்தத் தள்ளுபடியை மதிப்பிட்டு, விற்பனை வருமானத்தில் அந்தக் காலாண்டிலேயே கழித்துக் காட்ட வேண்டும். அதாவது அந்தப் பணம் நிறுவனத்தின் புத்தகத்தில் ஏற்கெனவே ஒதுக்கி வைக்கப்பட்டது. ஜனவரி 15-க்கும் 25-க்கும் நடுவே உள்ள பத்து நாட்களில், நிறுவனம் அனுப்பும் கணக்கைக் கடையின் பில்களோடு வரிவரியாக ஒப்பிட்டு, விட்டுப்போன பில் எண்களைக் குறித்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். அந்தப் பத்து நாள் பொங்கல் விற்பனை முடிந்து கடைக்காரர் களைத்து உட்காரும் நாட்கள் என்பதுதான் சங்கடம். பலருடைய பணம் அங்கேதான் தவறுகிறது.

நல்ல அறிவிப்பு எழுதுவது கடினமான வேலை இல்லை. குவாட்டரின் முதல் பில்லுக்கு முன்னால் அது கையில் இருக்க வேண்டும். டார்கெட் வரிக்கு முந்தைய மதிப்பில் என்று பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். சேரும் சரக்கு, சேராத சரக்கு இரண்டையும் பில்லில் வரும் அதே கோடுகளோடு அச்சடிக்க வேண்டும். கணக்கு வரும் தேதியும் கிரெடிட் நோட் தேதியும் ‘உத்தேசமாக’ என்ற சொல் இல்லாமல் இருக்க வேண்டும். மேலே போட்டதுபோல ஒரு கடையின் கணக்கை மாதிரியாகப் போட்டுக் காட்டினால் எல்லாருக்கும் புரியும். அதோடு, பில் போடுகிற அதே கம்ப்யூட்டர் ஒவ்வொரு மாதமும் ‘உங்கள் தகுதிக் கொள்முதல் இவ்வளவு’ என்று டீலரின் போனுக்கு ஒரு செய்தி அனுப்ப முடியும். பெயின்டருக்கு டோக்கன் ஸ்கேன் செய்ததும் பாயின்ட் காட்டும் நிறுவனங்களுக்கு இது பெரிய காரியம் அல்ல.

இன்னொரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் பெயிண்ட், சிமென்ட், மோட்டார் பம்பு, ஒயர் விற்கும் கடைக்காரர்களில் பெரும்பாலோர் கணக்கில் புலிகள். ஆங்கிலப் பொடி எழுத்து நிபந்தனைகளைப் படிக்க வேறொருவரைத் தேடுபவர்கள். வாளியின் மேல் தமிழில் விளம்பரம் அச்சடிக்கும் நிறுவனங்கள், அந்த வாளியை விற்றதற்கு எவ்வளவு தருவோம் என்பதையும் தமிழில் எழுதி அனுப்பட்டும்.